கமோடில் போடும் குழந்தை சீட், படி ஸ்டூல், குட்டித் தொட்டி: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எங்கள் குடியிருப்பில் இரண்டு, மூன்று வயதுக் குழந்தைகள் நிறைய. என் மகன் டயபரை விட்ட பிறகு, ஒவ்வொரு வீட்டிலிருந்தும் ஒரே சந்தேகங்கள் திரும்பத் திரும்ப வந்தன. பதில் சொல்லிச் சொல்லி, கடைசியில் எழுதியே வைத்துவிடலாம் என்று தோன்றியது. பெரியவர்களும் குழந்தையும் ஒரே பாத்ரூமைப் பயன்படுத்தும் வீடுகளுக்காக இதை எழுதியிருக்கிறேன்.

சொற்களைப் பற்றி ஒன்று. தரையில் வைத்து உட்காரும் சின்ன இருக்கையைக் கடையில் ‘பாட்டி’ என்பார்கள். இந்தக் கேள்விகளில் உண்மையான பாட்டிகளும் வருகிறார்கள் என்பதால் நான் அதைக் குட்டித் தொட்டி என்றே எழுதுகிறேன். கமோடின் மேல் பொருத்தும் சிறிய வளையம் குழந்தை சீட். ஏறுவதற்கும் காலை ஊன்றுவதற்கும் வைப்பது படி ஸ்டூல்.

மூணும் வாங்கணுமா? ஏதாவது ஒண்ணு போதாதா?

குட்டித் தொட்டி மட்டும் வாங்கி ஆரம்பிக்கலாம். குழந்தை சீட்டை மட்டும் தனியாக வாங்காதீர்கள். சீட் வாங்கினால் ஸ்டூலும் சேர்த்துத்தான் வாங்க வேண்டும். காரணம் அடுத்து வரும் கேள்விகளில் இருக்கிறது.

குட்டித் தொட்டியில் குழந்தை தானே உட்கார்ந்து தானே எழுந்துவிடும், பாதம் தரையில் படும், விழுகிற பயம் இல்லை. ஆனால் ஒவ்வொரு முறையும் யாராவது கழுவ வேண்டும், வெளியே போனால் அது கூட வராது. சீட்டும் ஸ்டூலும் இருந்தால் கழுவும் வேலை குறையும், பெரியவர்கள் போகும் இடத்திலேயே குழந்தையும் போகப் பழகும். ஆனால் ஏறி, திரும்பி, உட்காரும் தைரியம் வர வேண்டும். அதனால் பெரும்பாலான குழந்தைகளுக்கு முதலில் தொட்டி, சில வாரங்களோ மாதங்களோ கழித்து சீட்டும் ஸ்டூலும் என்ற வரிசை சரியாக வருகிறது. சில குழந்தைகள் அண்ணன், அக்காவைப் பார்த்து நேராக கமோடுக்கே போய்விடுவார்கள். அதுவும் நல்லதே.

எந்த வயசுல ஆரம்பிக்கணும்? எங்க மாமியார் ஆறு மாசத்துலயே பழக்கிட்டேன்னு சொல்றாங்க.

மாமியார் சொல்வது பொய்யில்லை. காலை நீட்டி உட்கார்ந்து, இரண்டு பாதங்களுக்கு நடுவே குழந்தையை உட்கார வைத்து, ‘ஸ்ஸ்’ என்று சொல்லிப் போக வைப்பது நம் வீடுகளில் காலம் காலமாக நடப்பதுதான். அதில் பெரியவர்தான் குழந்தையின் நேரத்தைக் கற்றுக்கொள்கிறார். குழந்தைக்கும் அந்த இடம், அந்தச் சத்தம் பழகிவிடுகிறது. துணியும் மிச்சம். தொடர முடிந்தால் தொடருங்கள்.

ஆனால் இங்கே நாம் பேசுவது வேறு விஷயம். வருகிறது என்று உணர்ந்து, சிறிது நேரம் அடக்கி, நடந்து போய், ஜட்டியை இறக்கி, உட்காருவது வரை குழந்தை தானே செய்வது. இதற்கான பக்குவம் பொதுவாக ஒன்றரை வயதுக்கு மேல் மூன்று வயதுக்குள் வருகிறது. வயதைவிட அறிகுறிகளைப் பாருங்கள்: பகலில் இரண்டு மணி நேரமாவது டயபர் காய்ந்திருக்கிறதா? போகும்போதோ போன பிறகோ ஏதாவது ஒரு விதத்தில் சொல்கிறதா? மூலையிலோ திரைச்சீலைக்குப் பின்னாலோ போய் நின்று ஆய் போகிறதா? மறைவிடம் தேடுவது நல்ல அடையாளம், வருவது முன்கூட்டியே தெரிகிறது என்று அர்த்தம்.

சீட்ல பிடிச்சுக்கக் கைப்பிடி இருக்கு. கால் தொங்கினா என்ன ஆகும்?

ஒன்றுக்குப் போவதில் பெரிதாக ஒன்றும் தெரியாது. ஆய் போவதில்தான் தெரியும். மலக்குடலின் கீழ்ப்பகுதியை ஒரு தசை பின்னாலிருந்து சுற்றி முன்பக்கமாக இழுத்துப் பிடித்திருக்கிறது. மலம் தானாக வெளியே வராமல் இருப்பதற்காக அங்கே ஒரு வளைவை அது உண்டாக்குகிறது. குந்தி உட்காரும்போது, அதாவது முழங்கால் இடுப்பைவிட உயர்ந்திருக்கும்போது, அந்தத் தசை தளர்ந்து வளைவு நேராகிறது. இந்தியன் டாய்லெட்டில் இது தானாகவே நடந்துவிடும். கமோடில் கால் தொங்க உட்காரும் குழந்தைக்கு நடக்காது.

இன்னொன்றும் உண்டு. உயரமான திண்ணையில் காலுக்குப் பிடிமானம் இல்லாமல் உட்கார்ந்து பாருங்கள். தொடையும் இடுப்பும் தாமாக இறுகும். குழந்தை விழாமல் இருப்பதற்காக எந்தத் தசைகளை இறுக்குகிறதோ, ஆய் போக அதே தசைகளைத் தளர்த்த வேண்டும். இரண்டையும் ஒரே நேரத்தில் செய்ய முடியாது. கைப்பிடி விழாமல் காக்கும், முக்குவதற்கு ஊன்றுகோல் ஆகாது. பாதம் முழுவதும் ஒரு பலகையில் பட வேண்டும். நுனிவிரல் மட்டும் எட்டினாலும் கால் தொங்குவதாகவே கணக்கு.

அப்போ ஸ்டூல் எவ்வளவு உயரம் இருக்கணும்? கடையில வயசுதான் போட்டிருக்கு, அளவு இல்ல.

வயதை விட்டுவிட்டு டேப்பை எடுங்கள். இரண்டே அளவுகள் போதும். ஒன்று, சீட்டைப் பொருத்திய பிறகு தரையிலிருந்து சீட்டின் மேல்பக்கம் வரை. இரண்டு, குழந்தையைச் செருப்பில்லாமல் நிற்க வைத்து, தரையிலிருந்து முழங்காலின் பின்மடிப்பு வரை. முதல் அளவிலிருந்து இரண்டாவதைக் கழித்தால் ஸ்டூலின் உயரம் வரும். அதற்கு மேல் ஒன்றிரண்டு சென்டிமீட்டர் கூடுதலாக இருந்தால் முழங்கால் சற்று உயரும், அதுதான் நமக்கு வேண்டியது.

எங்கள் வீட்டுக் கணக்கைச் சொல்கிறேன். கமோடு 41 செ.மீ. குழந்தை சீட் 2 செ.மீ. சேர்த்து 43. இரண்டு வயது நான்கு மாதத்தில் மகனின் கால் 22. ஆக, ஸ்டூல் 21 இருந்தால் பாதம் பதியும், 22 அல்லது 23 இருந்தால் நல்லது. நான் முதலில் கணக்குப் பார்க்காமல் வாங்கிய பிளாஸ்டிக் ஸ்டூல் 14 செ.மீ. தான். பாதத்துக்கும் பலகைக்கும் நடுவே நான்கு விரல் இடைவெளி. ஒன்றுக்குப் போனான். ஆய் மட்டும் அடக்கினான். நான்காம் நாள் கெட்டியாக, அழுதுகொண்டே போனான். அதற்குப் பிறகு சீட்டைப் பார்த்தாலே ஓட்டம். நான் அவன் பிடிவாதம் என்று நினைத்து இரண்டு நாள் கோபப்பட்டேன். அந்த இடைவெளியை டேப் வைத்துப் பார்த்தபோதுதான் தவறு யாருடையது என்று புரிந்தது. குட்டித் தொட்டிக்குத் திரும்பி, இரண்டு வாரம் விட்டுவிட்டு, சரியான ஸ்டூலோடு மறுபடி ஆரம்பித்தோம்.

22 செ.மீ. என்பது சாதாரண மாடிப்படியைவிட உயரம், இரண்டு வயதுக் குழந்தை ஒரே எட்டில் ஏற முடியாது. அதனால் இரண்டு படி உள்ளதாகப் பாருங்கள். எங்களுக்குத் தச்சர் ஒருவர் 11 செ.மீ. உயரத்தில் ஒரு படியும் 22-ல் மேல்பலகையுமாகச் செய்து கொடுத்தார். மேல்பலகையின் அகலம் 40 செ.மீ. குழந்தை கமோடைப் பார்த்தபடி ஏறி, ஸ்டூலின் மேல்தான் முதுகைத் திருப்ப வேண்டும். குறுகிய ஸ்டூலில் கால் தவறுவது அந்தத் திருப்பத்தில்தான். ஆறு மாதத்துக்கு ஒருமுறை மறுபடி அளந்து பாருங்கள். கால் வளர வளர முழங்கால் மேலே ஏறும். ஓரளவு வரை அதில் தொந்தரவில்லை, உட்காரவே இடைஞ்சலாக இருந்தால் உயரம் குறைந்த ஸ்டூலுக்கு மாறுங்கள்.

சீட் போட்டா ஆடுது. எங்க கமோடு கொஞ்சம் சதுரமா இருக்கும். என்ன பண்றது?

ஆடும் சீட்டில் குழந்தையை உட்கார வைக்காதீர்கள். ஒருமுறை நழுவினால் போதும், பிறகு மாதக்கணக்கில் ஏறாது. பெரும்பாலான குழந்தை சீட்கள் முட்டை வடிவக் கமோடுக்காகச் செய்யப்பட்டவை. வாங்கும் முன் உங்கள் கமோடு வளையத்தின் உள்துளையின் நீளத்தையும் அகலத்தையும் அளந்துகொண்டு போங்கள், அல்லது ஒரு செய்தித்தாளை அதன்மேல் விரித்து, வடிவத்தை வரைந்து வெட்டி எடுத்துப் போங்கள். சதுர வடிவக் கமோடுக்கு, அடியில் நகர்த்தி இறுக்கும் பிடிகள் உள்ள சீட் ஒத்துவரும்.

வீட்டில் சோதிப்பது எளிது. சீட்டைப் போட்டு இரண்டு கையாலும் பக்கவாட்டில் தள்ளுங்கள், பிறகு முன்விளிம்பை மட்டும் அழுத்துங்கள். குழந்தை முன்விளிம்பில்தான் முதலில் எடையை வைக்கும். அங்கே அழுத்தும்போது பின்பக்கம் தூக்கினால் அந்த சீட் வேண்டாம். பஞ்சு வைத்த மெத்தை சீட் குளிர்காலத்தில் சுகம்தான், ஆனால் தையல் வழியாக ஈரம் உள்ளே போய் நாறும். எனக்கு வழவழப்பான கெட்டிப் பிளாஸ்டிக்தான் பிடிக்கும்.

ஏணியும் சீட்டும் ஒன்றாகச் சேர்ந்த வகையும் வருகிறது. இடம் இருந்தால் நல்லது. ஆனால் பாதம் வைக்கும் படி எந்த உயரத்தில் நிற்கிறது, முழுப் பாதமும் அதில் கொள்ளுமா என்று முந்தைய கணக்கின்படி பாருங்கள். பல ஏணிகளில் அந்தப் படி ஒரு கம்பி அகலமே இருக்கிறது.

எங்க பாத்ரூம் எப்பவும் ஈரமா இருக்கும். அங்கேயேதான் குளிக்கிறோம். ஸ்டூல் வழுக்காதா?

வழுக்கும். நம் பாத்ரூம்களில் இதுதான் பெரிய கவலை, கடையில் யாரும் இதைச் சொல்வதில்லை. ஸ்டூலின் காலில் உள்ள ரப்பர் வெறும் தண்ணீரில் ஓரளவு பிடிக்கும், சோப்புத் தண்ணீரில் பிடிக்காது. காலையில் பெரியவர்கள் குளித்த உடனே குழந்தை போகும் நேரமும் வந்துவிடும். அதனால் எங்கள் வீட்டில் ஒரு வழக்கம் வைத்தோம்: குளித்து முடிப்பவர் வெறும் தண்ணீர் ஊற்றி சோப்பை அலசி, வைப்பரால் தள்ளிவிட்டுத்தான் வெளியே வர வேண்டும். ஸ்டூல் பாத்ரூமுக்கு வெளியே சுவரோரம் இருக்கும், தேவைப்படும்போது உள்ளே போகும். மரத்தாலான ஸ்டூல் என்றால் இப்படி வெளியே வைத்தால்தான் ஊறிக் கெடாமலும் இருக்கும்.

ஸ்டூலின் கால்கள் மேல்பலகையைவிட வெளியே விரிந்திருக்க வேண்டும். நேராக இறங்கும் கால்களோடு எடை குறைந்த பிளாஸ்டிக் ஸ்டூல், குழந்தை ஓரத்தில் மிதித்தால் கவிழும். மேல்பலகையில் சொரசொரப்பான ரப்பர் விரிப்பை ஒட்டிவிடுங்கள். ஏறும்போதும் இறங்கும்போதும் முதல் சில மாதங்கள் கையைப் பிடித்துக்கொள்ளுங்கள்.

ஸ்டூல் வந்துவிட்டால் குழந்தை பாத்ரூமுக்குத் தனியாகப் போகத் தொடங்கும். அதற்கு முன் சிலவற்றைச் செய்துவிடுங்கள். பக்கெட், டிரம் எதிலும் தண்ணீர் நிற்கக் கூடாது. தலைகீழாக விழுந்த குழந்தைக்கு ஓரிரு அங்குலத் தண்ணீரே உயிருக்கு ஆபத்து. தண்ணீர் பிடித்து வைத்தே ஆக வேண்டிய வீடு என்றால் இறுக்கமான மூடி போட்டு, பாத்ரூம் கதவையும் வெளியே பூட்டி வையுங்கள். ஆசிட், ஃபினாயில், கமோடு கழுவும் திரவம் எல்லாம் ஸ்டூலில் ஏறினாலும் எட்டாத உயரத்துக்குப் போக வேண்டும். கதவின் கீழ்த் தாழ்ப்பாளைக் கழற்றிவிடுங்கள், உள்ளே தாழ் போட்டுக்கொண்டு திறக்கத் தெரியாமல் அழும் குழந்தைகள் நிறைய. கீசர் குழாயும் கை எட்டாமல் இருக்கட்டும்.

எப்போ உட்கார வைக்கணும்? எவ்வளவு நேரம்?

சாப்பிட்ட பதினைந்து முதல் முப்பது நிமிடத்துக்குள். வயிற்றில் உணவு விழுந்ததும் பெருங்குடல் அசையத் தொடங்கும், காலை உணவுக்குப் பிறகு அந்த அசைவு நன்றாகவே இருக்கும். தூங்கி எழுந்தவுடனும் ஒருமுறை. ஐந்து நிமிடம் போதும். வரவில்லை என்றால் “சரி, அப்புறம் பார்க்கலாம்” என்று இறக்கிவிடுங்கள். போனைக் கையில் கொடுத்து அரை மணி நேரம் உட்கார வைத்தால், உடல் சொல்வதைக் கவனிக்கும் பழக்கம் வராது, ஆசனவாய் மேல் தேவையில்லாத அழுத்தமும் விழும்.

அரை மணிக்கு ஒருமுறை “வருதா, வருதா” என்று கேட்பதும் வேண்டாம். கேள்வி கேட்டால் இந்த வயதில் பதில் ‘இல்லை’தான். “வெளியே கிளம்பும் முன்னாடி ஒண்ணுக்குப் போயிட்டுப் போவோம்” என்று நடக்கப்போவதைச் சொல்லிவிடுங்கள்.

குட்டித் தொட்டியை ஹால்ல வைக்கலாமா? வீட்டுல எல்லாரும் முகம் சுளிக்கிறாங்க.

முதல் ஒரு வாரம் குழந்தை விளையாடும் இடத்துக்குப் பக்கத்தில் இருந்தால் பாதிச் சண்டை தீரும். உணர்வதற்கும் வருவதற்கும் நடுவே அதற்குக் கிடைப்பது சில நொடிகளே. பூஜை அறை, சமையலறைப் பக்கம் வேண்டாம் என்று பெரியவர்கள் சொன்னால் அதை மதித்து, பாத்ரூம் வாசலில் வையுங்கள். அதன் பிறகு பாத்ரூமுக்குள்ளே நகர்த்துங்கள்.

எங்கே வைத்தாலும் அழுக்கைக் கமோடில்தான் கொட்ட வேண்டும், குளிக்கும் இடத்து வடிகாலில் இல்லை. குழந்தை மலம்தானே என்று நினைக்காதீர்கள், அதிலும் நோய்க்கிருமி உண்டு. கொட்டி, கமோடுக்கு மேலேயே பிடித்துத் தண்ணீர் பீய்ச்சி, சோப்புப் போட்டுக் கழுவி, கவிழ்த்து வெயிலில் காய வையுங்கள். தொட்டியின் அடியில் முன்பே சிறிது தண்ணீர் ஊற்றி வைத்தால் ஒட்டாது. கழுவியவரும் குழந்தையும் சோப்புப் போட்டுக் கை கழுவ வேண்டும்.

பையன் நின்னுட்டுதானே போகணும்?

முதலில் உட்கார்ந்தே பழகட்டும். ஒன்றுக்கும் ஆயும் ஒரே நேரத்தில் வருவது இந்த வயதில் சாதாரணம். நிற்கப் பழகியவன் ஆய்க்கு உட்கார மறுப்பான். உட்காரும்போது சற்று முன்னால் குனிந்து, உறுப்பைக் கீழ்நோக்கி வைத்துக்கொள்ளச் சொல்லிக் கொடுங்கள். சீட்டின் முன்னால் மேடாக வரும் தடுப்பு, ஏறி இறங்கும்போது உரசி வலிக்கும். கழற்ற முடிந்தால் கழற்றிவிடுங்கள்.

பிறகு நின்று போகத் தொடங்கும்போது கமோடு மூடியைக் கவனியுங்கள். தூக்கி நிறுத்திய வளையம் நழுவி விழுந்தால் சரியாக அந்த உயரத்தில்தான் குழந்தைக்கு அடிபடும். மெதுவாக இறங்கும் கீல் உள்ள மூடி நல்லது.

ஃப்ளஷ் சத்தம் கேட்டா அலறுறா. கழுவுற பைப்பைப் பாத்தாலும் பயம்.

குழந்தை இறங்கி, கை கழுவி, வெளியே போன பிறகு ஃப்ளஷ் செய்யுங்கள். பயம் தெளிந்த பிறகு “நீ அழுத்துறியா, நான் அழுத்தவா” என்று கேட்டால் தானே கேட்டு வாங்கி அழுத்தும்.

பைப்பின் வேகம் பெரியவர்களுக்கே கூச்சம் தரும். மக்கில் வெதுவெதுப்பான தண்ணீர் எடுத்துக் கழுவுங்கள். பெண் குழந்தைக்கு எப்போதும் முன்னாலிருந்து பின்னாலே கழுவ வேண்டும், மலம் முன்பக்கம் வந்தால் சிறுநீர்த் தொற்று வரலாம். பின்னாலிருந்து முன்நோக்கிப் பீய்ச்சும் பைப்புக்கும் இதே எச்சரிக்கை. ஒன்றுக்குப் போகும்போது எரிகிறது என்று அழுதால், அடிக்கடி சொட்டுச் சொட்டாகப் போனால், காரணம் தெரியாத காய்ச்சல் வந்தால் பழக்குவதை நிறுத்திவிட்டு டாக்டரிடம் காட்டுங்கள்.

ஒண்ணுக்கு ஒழுங்கா போறான். ஆய் மட்டும் டயபர் போட்டாத்தான் போவேங்கிறான்.

டயபரைக் கொடுங்கள். பிடுங்கிக்கொண்டால் அடக்குவான். அடக்கினால் குடல் மலத்திலுள்ள நீரை உறிஞ்சி அது கெட்டியாகும், கெட்டியானது வலிக்கும், வலித்தால் இன்னும் அடக்குவான். நான் மேலே சொன்ன அந்த நான்கு நாளும் நடந்தது இதுதான். இந்தச் சுற்றை உடைக்காமல் சீட்டை மாற்றியும் பயனில்லை, ஸ்டூலை மாற்றியும் பயனில்லை.

முதலில் மலம் இளக வேண்டும். இளகி, ஒரு வாரமாவது வலியில்லாமல் போன பிறகு இடத்தை மாற்றத் தொடங்குங்கள். டயபர் போட்டுக்கொள்ளலாம், ஆனால் பாத்ரூமுக்குள் வந்துதான் போக வேண்டும். அது பழகியதும் டயபரோடு குட்டித் தொட்டியில் உட்காரட்டும். பிறகு டயபரைத் தளர்த்திக் கட்டுங்கள். பிறகு அடியில் ஓட்டை போட்டு அணிவியுங்கள். கடைசியில் டயபரைத் தொட்டிக்குள் விரித்து வையுங்கள். ஒவ்வொரு படியிலும் மூன்று நான்கு நாள், சில குழந்தைக்கு ஒரு வாரத்துக்கும் மேல் ஆகும். ஒரு படியில் மறுபடி அடக்கத் தொடங்கினால் முந்தைய படிக்குத் திரும்புங்கள். கமோடும் சீட்டும் இதெல்லாம் முடிந்த பிறகே.

மலம் இளக, பாலைக் குறைப்பதுதான் பல வீடுகளில் முதல் வேலை. ஒரு நாளைக்கு அரை லிட்டருக்கு மேல் பால் குடிக்கும் குழந்தைக்குச் சோறு, காய்க்கு வயிற்றில் இடமிருக்காது. கொய்யா, பப்பாளி, ஊறவைத்த உலர்திராட்சை, கீரை, போதுமான தண்ணீர். வெற்றிலைக் காம்பு, சோப்புத் துண்டு வைக்கும் பழைய கைவைத்தியம் வேண்டவே வேண்டாம். அந்த இடத்தில் வலியும் பயமும் இருப்பதுதான் நோயே, அதையே கூட்டக் கூடாது. விளக்கெண்ணெயும் நீங்களாகக் கொடுக்காதீர்கள்.

நாலு நாளா போகல. ஆனா ஜட்டியில தண்ணியா கறை படுது. வயித்துப்போக்கா?

பெரும்பாலும் நேர் எதிர். உள்ளே கெட்டியாக ஒரு பெரிய கட்டி அடைத்திருக்கிறது, மேலிருந்து வரும் இளகிய மலம் அதன் ஓரமாகக் கசிகிறது. குழந்தைக்கு அது தெரியவே தெரியாது, மலக்குடல் விரிந்து உணர்வு மங்கியிருக்கும். இதற்காகக் குழந்தையைத் திட்டுவது பெரிய அநியாயம். வயிற்றுப்போக்கு மருந்து கொடுத்தால் நிலைமை மோசமாகும்.

இதற்குக் குழந்தை மருத்துவரைப் பார்க்க வேண்டும். அடைப்பை நீக்கவும் மலத்தை இளக்கவும் மருந்து தருவார். அதை அவர் சொல்லும் காலம் வரை தொடருங்கள், அது பல மாதங்கள்கூட இருக்கலாம். இரண்டு நாள் நன்றாகப் போனான் என்று நிறுத்தினால், விரிந்த குடல் சுருங்கும் முன்பே மறுபடி அடைத்துக்கொள்ளும். ரத்தம், வாந்தி, வயிறு வீங்குவது, காய்ச்சல் இருந்தால் காத்திருக்காதீர்கள்.

அடக்குவதை எப்படிக் கண்டுபிடிப்பது என்றும் கேட்கிறார்கள். நுனிக்காலில் நிற்பது, காலைப் பின்னிக்கொள்வது, உடம்பை விறைத்துக்கொண்டு முகம் சிவப்பது. பார்ப்பவர்களுக்கு முக்குவது போலத் தெரியும். உண்மையில் குழந்தை உள்ளே இழுத்துப் பிடித்துக்கொண்டிருக்கிறது. முக்கும் குழந்தை குந்தும், அடக்கும் குழந்தை நிமிரும்.

தொட்டியிலிருந்து கமோடுக்கு எப்போ, எப்படி மாத்தறது?

தொட்டியில் ஆய் சுலபமாகப் போகிறது, ஸ்டூலில் ஏறி இறங்க விருப்பப்படுகிறது என்றால் மாற்றலாம். தொட்டியைக் கமோடுக்குப் பக்கத்திலேயே வைத்து, குழந்தையோடு சேர்ந்து அழுக்கைக் கமோடில் கொட்டுங்கள். அது எங்கே போகிறது என்று தெரியட்டும். உடுப்போடு ஏறி உட்கார்ந்து இறங்கும் விளையாட்டை இரண்டு நாள் விளையாடுங்கள். பிறகு ஒன்றுக்கு மட்டும் கமோடு, ஆய்க்குத் தொட்டி. சில நாளில் ஆய்க்கும் கமோடைக் கேட்கும்.

தொட்டியை அன்றே தூக்கிப் போட்டுவிடாதீர்கள். காய்ச்சல், வயிற்றுப்போக்கு வரும் நாளிலும் யாராவது பாத்ரூமில் குளித்துக்கொண்டிருக்கும் அவசரத்திலும் அது தேவைப்படும்.

ஊர்ல இந்தியன் டாய்லெட்தான். இவ்வளவு பழக்கிட்டு அங்க போய் என்ன பண்றது?

ஆய் போவதற்கு அது நல்ல நிலைதான், குழந்தைக்குக் குந்துவது நம்மைவிட எளிது. சிக்கல் அகலத்தில். பாதம் வைக்கும் மேடைகள் பெரியவர்களின் காலுக்கு அளவானவை, குழந்தை கால்களை அவ்வளவு விரித்தால் தடுமாறும், குழியைப் பார்த்தும் பயப்படும். ஊருக்குக் குட்டித் தொட்டியைக் கொண்டுபோவது எளிய வழி. இல்லையென்றால் நீங்கள் முன்னால் நின்று அதன் இரண்டு கையையும் பிடித்துக்கொள்ளுங்கள். குழியின் விளிம்பில் முன்பக்கமாகக் குந்த வைத்தால் இடைவெளி குறையும்.

பள்ளியில் சேர்க்கும் முன் அங்கே எந்த வகை என்று நேரில் போய்ப் பார்த்து, குழந்தையையும் ஒருமுறை உட்கார வைத்துப் பார்ப்பது நல்லது. வீட்டில் ‘மூச்சா’, ‘கக்கா’ என்று சொல்லிப் பழகியிருந்தால் அந்தச் சொல்லை ஆசிரியரிடமும் ஆயாம்மாவிடமும் சொல்லிவிடுங்கள்.

பகல்ல டயபரே வேண்டாம். ராத்திரி மட்டும் நனைக்கிறா. எழுப்பி உட்கார வைக்கணுமா?

வேண்டாம். இரவில் காய்ந்திருப்பது பழக்கத்தால் வருவதில்லை. தூக்கத்தில் சிறுநீர் உற்பத்தியைக் குறைக்கும் ஹார்மோனும், பை நிறைந்ததும் விழிக்கச் செய்யும் மூளையும் தன் நேரத்தில்தான் முதிர்கின்றன. ஐந்து வயது வரை நனைப்பதை மருத்துவர்கள் நோயாகவே கருதுவதில்லை. தூங்கும் முன் ஒருமுறை போக வையுங்கள், ரப்பர் ஷீட் விரியுங்கள், டயபர் வேண்டுமானால் போடுங்கள். தொடர்ந்து ஒன்றிரண்டு வாரம் காலையில் டயபர் காய்ந்திருந்தால் நிறுத்திப் பார்க்கலாம். மலம் அடைத்திருக்கும் குழந்தை இரவில் கூடுதலாக நனைக்கும், நிறைந்த குடல் சிறுநீர்ப்பையை அழுத்துவதால். அதனால் முந்தைய பதில்களில் சொன்னதைச் சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

மாதக்கணக்கில் காய்ந்திருந்த குழந்தை திடீரென்று மறுபடி நனைத்தால் வேறு கதை. தம்பி பிறந்தது, வீடு மாறியது, பள்ளி தொடங்கியது போன்ற காரணம் இருந்தால் சில வாரம் பொறுங்கள். தொட்டியையும் டயபரையும் திட்டாமல் திரும்பக் கொடுங்கள், பகலில் நனைத்தாலும் இதே பதில்தான். ஆனால் கூடவே அடங்காத தாகம், அடிக்கடி நிறையச் சிறுநீர், எடை குறைவது இருந்தால் அன்றைக்கே மருத்துவமனைக்குப் போய் ரத்தச் சர்க்கரையைப் பார்க்கச் சொல்லுங்கள்.